மேசையின் குறுகிய பக்கம்

அந்த மேசையில் இரண்டு பேர்தான் இருக்கலாம். நீளப் பக்கம் ஒன்று சுவரோடு ஒட்டியிருந்தது. இடது அந்தத்தைப் பிரிஜ் அடைத்துக்கொண்டது. மிஞ்சியது ஒரு நீளப் பக்கமும் வலது கைப் பக்கத்தில் ஒரு குறுகிய பக்கமும்தான். நீளப் பக்கத்தில் சுபாஸ்கரன் சுவரைப் பார்த்து இருப்பார். குறுகிய பக்கத்தில் மனைவி தயாளினி பிரிஜைப் பார்த்து இருப்பாள். மானிப்பாயில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் அப்படித்தான்.

இப்போது குறுகிய பக்கத்துக் கதிரையில் விடைத்தாள் கட்டுகள் இருந்தன. முதல் கட்டை அதில் வைத்தது யார் என்று சுபாஸ்கரனுக்கு நினைவில்லை. அவராகத்தான் இருக்கும். வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? வெறுங்கதிரையைப் பார்த்துச் சாப்பிடுவதைவிடக் கட்டுகளைப் பார்த்துச் சாப்பிடுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அடுத்த மாதம் தயாளினியின் ஆட்டைத் திவசம், அவள் போய் ஒரு வருடம். அதற்குள் வீட்டை ஒதுக்கவேண்டும் என்று அடுத்த வீட்டுப் பராசக்தி அக்கா, இடியப்பப் பெட்டியை வேலிக்கு மேலால் நீட்டும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு உதயகலா வந்தாள். விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்கிறவள். நாற்பது தாண்டிவிட்டது. கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வந்த வேர்வை கழுத்தில் இருந்தது. கைப்பையோடு தாள்கள் செருகிய ஒரு பழைய கோவையும் கொண்டுவந்திருந்தாள். சண்டிலிப்பாய்த் தோட்டங்களுக்குப் போடுகிற பசளை கிணறுகளுக்குள் எப்படி இறங்குகிறது என்பது அவளுடைய ஆய்வு. கணிதப் பகுதிக்குச் சுபாஸ்கரன் இணை மேற்பார்வையாளர். அவர் பல்கலைக்கழகத்தில் எண்சார் முறைகள் படிப்பிக்கிறவர். அவருடைய கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைப் பதிவாளர் அலுவலகம் வாங்காது. பதிவுக்காலம் அடுத்த நாள் பின்னேரத்தோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு தரம் நீட்டியாயிற்று. மூன்றாந்தரம் நீட்ட விதியில் இடமில்லை.

அவள் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவர் போன கிழமை சிவப்புப் பேனையால் எழுதி அனுப்பிய தாளை மேசையில் விரித்தாள்.

"சேர், உதிலை 'பிழை' எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம். பிழைதானே."

"எல்லாமோ, அந்த வரி மட்டுமோ?"

"அந்த வரி. ஆனால் அந்த வரியிலைதானே மிச்சம் எல்லாம் நிக்குது." அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். "இரும். உதிலை இல்லை, அந்த ஸ்டூலை எடுத்துப் போடும்."

கட்டுகளைத் தூக்கப்போன கையை அவள் இழுத்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள்.

முப்பத்தோராம் பக்கம். ஒன்பது எண்கள், நிரைக்கு மூன்றாக அடுக்கிய ஒரு தாயம். மேற்குத் தோட்டம், நடுத் தோட்டம், குடிமனைப் பக்கம் என்று மூன்று இடங்கள். ஒரு போகத்தில் ஓரிடத்து நிலத்தடி நீரில் பசளையிலிருந்து சேர்ந்திருக்கிற நைத்திரேற்றில் எவ்வளவு பங்கு அடுத்த போகத்தில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் அந்தத் தாயம் சொன்னது.

0.5  0.1  0.0
0.3  0.6  0.3
0.1  0.1  0.5

ஒவ்வொரு போகமும் தோட்டக்காரர் அதே அளவு பசளை போட்டால், கிணறுகளில் நைத்திரேற்று ஒரு மட்டத்தில் வந்து நிற்குமா, அல்லது ஏறிக்கொண்டே போகுமா? இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் ஐந்து வருடம் போத்தல் போத்தலாகக் கிணற்றுத் தண்ணீர் அள்ளியிருந்தாள். ஒரு தாயம் சில திசைகளைத் திருப்பாமல் நீட்டவோ குறுக்கவோ மட்டும் செய்யும்; அந்த மடங்குகள்தான் ஐகன் பெறுமானங்கள். அவற்றில் ஆகப் பெரியதன் அளவு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் ஒரு மட்டத்தில் வந்து நிற்கும். ஒன்றைத் தாண்டினால் ஏறும். அந்த ஆகப் பெரிய அளவுக்குத்தான் நிறமாலை ஆரை என்று பெயர். தாயத்துக்குக் கீழே உதயகலா ஒரே வரியில் எழுதியிருந்தாள்: தாயத்தின் நோம் ஒன்றிலும் குறைவு, ஆகவே நிறமாலை ஆரையும் ஒன்றிலும் குறைவு.

"நோம் எண்டு எழுதியிருக்கிறீர். எந்த நோம்?"

"எந்த எண்டால்... நோம்தானே சேர்."

"ஒரு தாயத்தாலை ஒண்டை ஆகக் கூட எத்தினை மடங்கு நீட்டலாம் எண்டதுதான் நோம். ஐகன் திசையும் ஒரு திசைதானே. அந்தத் திசையிலை நீட்டுறது ஆகக் கூட நீட்டுறதை விட மேலை போகேலாது. அவ்வளவும் சரி. விளங்குதே?"

"ஓம் சேர்."

"இப்ப இஞ்சை பாரும், நிரை நிரையாய்க் கூட்டுவம்." அவர் விரலை நிரைகளின் மேல் இடமிருந்து வலமாக ஓட்டினார். "முதல் நிரை, தசம் ஆறு. மூண்டாவது, தசம் ஏழு. நடு நிரை? மூண்டும் ஆறும் மூண்டும். ஒண்டு தசம் இரண்டு. ஆகப் பெரியதுதான் நோம். ஒண்டு தசம் இரண்டு எப்பிடி ஒண்டிலும் குறைவு?"

உதயகலா நடு நிரையைத் தானும் கூட்டிப் பார்த்தாள். பிரிஜ் ஒருதரம் உறுமி ஓய்ந்தது.

"கொம்பியூட்டர் தசம் எட்டு இரண்டு எண்டு தந்தது, சேர். ஆரை."

"தரும். தசம் எட்டு இரண்டு ஒண்டு தசம் இரண்டுக்குக் கீழைதானே, அதிலை ஒரு முரணும் இல்லை. ஆனால் உம்மடை எண்கள் அளந்த எண்கள். ஒவ்வொண்டும் தசம் சைபர் மூண்டு அங்காலை இஞ்சாலை போகலாம் எண்டு நீரே எழுதியிருக்கிறீர். கொம்பியூட்டர் சொன்னது இந்த ஒன்பது எண்ணுக்கும் மட்டுந்தான். பரீட்சகர் அதைத்தான் முதல் கேப்பார். அளவு பிழைச்சாலும் அசையாத ஒரு மூடி வேணும், இதுக்கு மேலை போகாது எண்டு. நீர் போட்ட மூடி ஒண்டுக்கு மேலை நிக்குது. அது ஒண்டையும் காட்டேல்லை."

"டீச்சர் பாத்திட்டு ஒண்டுக்குள்ளைதான் எண்டவா."

சுபாஸ்கரன் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எந்த டீச்சர்?"

"எங்கடை டீச்சர்தான். உங்கடை..." அவள் கதிரையைப் பார்த்தாள். விடைத்தாள் கட்டுகளைப் பார்த்தாள். "போன வருசம் இந்தப் பக்கத்தைத் தரக் கொண்டந்தனான். நீங்கள் அண்டைக்குக் கம்பஸிலை. டீச்சர்தான் வாங்கிப் பாத்தவா. இந்தக் கதிரையிலை இருந்து விரலாலை கூட்டிப் பாத்தவா, நேரம் ஒண்டும் எடுக்கேல்லை. 'உதயகலா, இது ஒண்டுக்குள்ளைதான், பயப்பிடாமல் எழுதும்' எண்டவா. அதைத்தான் எழுதினனான்."

தயாளினி மகளிர் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தவள். போன வருடம் அவள் வீட்டில் இருந்த நாட்கள் என்றால் இரண்டாவது சுற்று மருந்து ஏற்றி முடிந்த நேரம். கைவிரல் நுனிகள் மரத்துப்போய்த் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்த நேரம். சில நாட்களில் அடுப்பை அணைத்தாளா என்று மூன்று தரம் எழும்பிப் போய்ப் பார்ப்பாள்.

"அவ அப்ப மருந்திலை இருந்தவா," என்றார் சுபாஸ்கரன்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. உதயகலாவின் முகம் மாறியது.

"டீச்சர் தெளிவாத்தான் இருந்தவா, சேர்."

"அதை நான் சொல்லேல்லை. கூட்டல் பிழைக்கலாம். ஆருக்கும் பிழைக்கும்."

"டீச்சருக்கோ?"

இருபத்தேழு வருட மேற்பார்வையில் பிழையான ஒரு வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டதில்லை. தன் மனைவி சொன்ன வரி என்பதற்காகப் போடுவதென்றால் அது இன்னும் மோசம். இந்த வரியோடு கையெழுத்து இல்லை என்பதை அவர் இன்னும் கொஞ்சம் மென்மையாகச் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் அதுவாகத்தான் வந்தது.

"ஒரு வருசம், சேர்," என்றாள் உதயகலா எழும்பிக்கொண்டு. குரலை உயர்த்தவில்லை. "உங்களைக் கரைச்சல்படுத்தக்கூடாது எண்டு ஒரு வருசம் போனும் எடுக்கேல்லை. வீட்டிலை நடந்தது தெரியும்தானே. இப்ப நாளையோடை முடியுது. வேறை ஒரு வழி இருந்தால் நாளைக்குக் காலமை சொல்லுங்கோ. இல்லாட்டிலும் சொல்லுங்கோ. நான் லீவு போட்டிட்டன்."

பழைய கோவையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்து விட்டாளா, வேண்டுமென்று விட்டாளா என்று சொல்லமுடியாது. ஸ்கூட்டி மதகடியில் திரும்பும் சத்தம் வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வீடு பழையபடி ஆனது.

அவர் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார். மூன்றும் ஆறும் மூன்றும். எத்தனை தரம் கூட்டினாலும் பன்னிரண்டுதான். நடு நிரையில் எந்த எண்ணைக் குறைக்கலாம் என்று பார்த்தார். ஒன்றையும் குறைக்கமுடியாது, அவை அளந்தவை. நடுத் தோட்டத்துக்கு மேற்கிலிருந்தும் வருகிறது, கிழக்கிலிருந்தும் வருகிறது, தன்னுடையதிலும் பாதிக்கு மேல் தேங்குகிறது. வருவதையெல்லாம் கூட்டினால் ஒன்றைத் தாண்டத்தான் செய்யும்.

வருவதையெல்லாம்.

அந்தச் சொல் எங்கேயோ இடறியது. ஆனால் அவர் அதைப் பிடிக்கவில்லை. தேநீர் வைக்க எழும்பினார். ஒரு கோப்பைக்குத் தண்ணீர் அளக்க இன்னும் அவருடைய கை பழகவில்லை. கூட வைத்து, மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்றினார்.

தயாளினிக்குக் கூட்டல் பிழைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பிழைத்ததில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதை அவரால் ஏன் விடமுடியவில்லை? ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையில் அவள் ஆட்களின் பெயர்களை மாற்றிச் சொன்னாள். அதை அவர் தாங்கினார். தாதி கேட்டபோது திகதி தெரியாமல் விழித்தாள். அதையும் தாங்கினார். அதெல்லாம் நோய் வருத்தத்தின் வேலை என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார். கணக்கு மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை என்று நம்பியிருந்தார். இப்போது அதுவும் போயிற்று.

தேநீரோடு வந்து நின்று குறுகிய பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். 'இந்தக் கதிரையிலை இருந்து விரலாலை கூட்டிப் பாத்தவா.' உதயகலா அதை நேரில் கண்டவள். அவரோ, அவள் நன்றாக இருந்த கடைசி நாட்களில் ஒன்றைக் கம்பஸில் ஏதோ கூட்டத்தில் இருந்து தொலைத்தவர்.

விடைத்தாள் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிலத்தில் வைத்தார். ஆறு கட்டுகள். கதிரைப் பிரம்பில் தூசி இல்லை, கட்டுகள் மூடியிருந்த இடமாகையால். பதினொரு மாதத்தில் முதல் தரம் அதில் இருந்தார். இருபத்திரண்டு வருடத்திலும் அதுதான் முதல் தரம் என்பது இருந்த பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்து பார்க்க வீடு வேறாக இருந்தது. பிரிஜின் பக்கவாட்டில் அவர் ஒருநாளும் கவனிக்காத ஒரு காந்தப் பொம்மை, அவர் கம்பஸால் வந்து சைக்கிளை நிறுத்தும் ஒழுங்கைத் துண்டு ஜன்னலுக்குள்ளால். அவள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேசையில் தாள் அவருடைய பக்கத்தைப் பார்த்துக் கிடந்தது. இங்கிருந்து பார்க்க எண்கள் பக்கவாட்டில் படுத்திருந்தன, தலை வலப்பக்கம். வாசிக்க முடியாமல் இல்லை. அவருடைய விரல் தன்பாட்டில் போய், பழக்கம்போல இடமிருந்து வலமாக ஓடியது. ஒன்று, மூன்று, ஐந்து. தசம் ஒன்பது.

அவர் விரலை எடுத்தார். திரும்ப வைத்தார்.

அடுத்த வரி. ஒன்று, ஆறு, ஒன்று. தசம் எட்டு. கடைசி வரி. ஐந்து, மூன்று, சைபர். தசம் எட்டு.

இங்கிருந்து வரியாகத் தெரிவது அங்கிருந்து நிரல், மேலிருந்து கீழே இறங்கும் வரிசை. அவருடைய தாளை அவள் எப்போதும் திருப்பாமலே பார்த்தாள். அவர் பரீட்சைத் தாள் தயாரிக்கும்போதும், ஆய்வேடு திருத்தும்போதும், ஒரு தாயம் வந்தால் "எவ்வளவுக்குள்ளை நிக்கும்?" என்று இருவரும் ஒரே நேரத்தில் விரலை வைப்பார்கள். அவர் தன் பக்கத்துக்குக் குறுக்கே கூட்டுவார். அவள் தன் பக்கத்துக்குக் குறுக்கே கூட்டுவாள். அவர் ஒரு எண் சொல்வார், அவள் ஒரு எண் சொல்வாள்.

"சின்னதைப் போடுங்கோ," என்பாள். "இரண்டும் மூடிதானே. பொருந்துற மூடியை விட்டிட்டு ஏன் அண்டா மூடியைத் தூக்குறியள்?"

"உம்மடை எண் சின்னதாய் வந்தால் உமக்கு ஒரு கெப்பரும் பெருமையும்."

"வந்தால் என்ன? அரைவாசி நேரம் என்ரைதானே வருது."

நிரைக் கூட்டுத்தொகை நோம், நிரல் கூட்டுத்தொகை நோம் என்று இரண்டையும் அவர் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவர். ஐகன் திசையில் ஒரு தாயம் நீட்டுகிற மடங்கு எந்த அளவுகோலால் அளந்தாலும் மாறாது, ஆகையால் எந்த நோமும் அதற்கு மூடிதான், என்று விளக்கி, பிள்ளைகளிடம் நிறுவலும் கேட்கிறவர். வாய்க்கு எல்லாம் தெரியும். கைக்கு நிரை மட்டுந்தான் தெரிந்திருந்தது. நிரல் இந்தக் கதிரையின் வேலை. கதிரை வெறுமையானபோது தன் கணக்கில் பாதி நின்றுபோனது அவருக்குத் தெரியவில்லை.

உதயகலா விட்டுப்போன பழைய கோவையை இழுத்துத் திறந்தார். அதே முப்பத்தோராம் பக்கம், முந்திய பிரதி. அதைத் தன் இடத்துக்கு முன்னால் வைப்பதுபோல, அந்தப் பக்கம் பார்க்கத் தள்ளி வைத்தார். தாயத்தின் மேல் நிரைக்கு மேலே பென்சிலில் மெல்லிய கீறல்கள். நேராகப் பார்த்திருந்தால் பென்சில் சறுக்கிய இடம் என்றுதான் நினைத்திருப்பார். கதிரையில் இருந்து பார்க்க அவை ஒவ்வொரு வரியின் முடிவிலும் எழுதிய எண்கள். தசம் ஒன்பது, தசம் எட்டு, தசம் எட்டு. மரத்துப்போன விரலால் எழுதிய ஒன்பது கொஞ்சம் நடுங்கியிருந்தது. கூட்டல் நடுங்கவில்லை.

அதற்கு அருகே, அதே படுத்த எழுத்தில் அவள் உதயகலாவுக்காக ஒரு வரி எழுதியிருந்தாள். 'வாறதை இல்லை, போறதைக் கூட்டும். மிச்சம் கடலுக்கு.' எந்த நோம் என்ற கேள்விக்கு அதுதான் மறுமொழி என்று உதயகலாவுக்குத் தெரிந்திராது.

அவர் விரலைத் திரும்பவும் முதல் நிரலின் மேல் வைத்தார். நிரலில் இருப்பது ஓரிடத்திலிருந்து போவது. மேற்குத் தோட்டத்து நைத்திரேற்றில் பாதி அங்கேயே நிற்கிறது, தசம் மூன்று நடுவுக்கு, தசம் ஒன்று குடிமனைப் பக்கம். மிச்சத் தசம் ஒன்று கடலுக்கு. ஓரிடத்தில் இருப்பதைவிட அங்கிருந்து போவது கூடமுடியாது. இந்தத் தாயத்தில் நிரல் ஒன்றுக்குள் நிற்பது தற்செயல் இல்லை, நிலம் அப்படித்தான். ஒவ்வொரு எண்ணும் தசம் சைபர் மூன்று பிழைத்தாலும் மூன்றுக்கும் சேர்த்துத் தசம் சைபர் ஒன்பது. தசம் ஒன்பதோடு கூட்டினால் தசம் ஒன்பது ஒன்பது. அப்போதும் ஒன்றுக்குள். பரீட்சகர் கேட்கப்போகிற கேள்விக்கு மருந்துச் சுற்று முடிந்த ஒருத்தி தேநீர் ஆற முதல் மறுமொழி எழுதி வைத்திருக்கிறாள்.

போனை எடுத்தார்.

"உதயகலா, சுபாஸ்கரன் கதைக்கிறன்."

"சொல்லுங்கோ சேர்." பின்னால் குக்கர் சத்தம்.

"உம்மடை வரி சரி. நான்தான் பிழை."

அவர் தாளைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"நான் நிரையைக் கூட்டினன். நிரலைக் கூட்டினால் தசம் ஒன்பது. இரண்டும் மூடிதான், சின்னதை எடுக்க வேண்டியது. 'நோம்' எண்ட இடத்திலை கீழை ஒரு ஒண்டு போடும், நிரல் நோம் எண்டு பரீட்சகருக்கு விளங்க. பிழை வரம்புக்கு ஒரு வரி நான் எழுதித் தாறன். காலமை எட்டு மணிக்கு வாரும், கையெழுத்துப் போட்டு வைக்கிறன்."

"அப்ப டீச்சர்..."

"டீச்சருக்குப் பிழைக்கேல்லை."

உதயகலா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. குக்கர் கூவியது.

"நான் அப்பவே சொன்னனான்தானே, சேர்," என்றாள் கடைசியில்.

"ஓம். சொன்னனீர்."

காலையில் அவள் வந்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினாள். பழைய கோவையை எடுக்கவா என்று கேட்டாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுப் போகச் சொன்னார். பதினொரு மணிக்கு 'ஏற்றுக்கொண்டாச்சு' என்று செய்தி வந்தது. அதை உரத்து வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. பராசக்தி அக்காவிடம் வேலியடியில் சொன்னார். அவர், "அப்பிடியே? நல்லது தம்பி," என்று சொல்லி இடியப்பப் பெட்டியைத் திருப்பிக் கேட்டார்.

பின்னேரம் பரீட்சைத் தாள் தயாரிக்க இருந்தார். நாலாம் கேள்விக்கு ஒரு தாயம் எழுதினார். நீளப் பக்கத்தில் இருந்து விரலை ஓட்டினார். ஒன்று தசம் நான்கு. அதை ஒரு மூலையில் குறித்துக்கொண்டார்.

தாளைத் திருப்பியிருக்கலாம். திருப்பாமலே மேலிருந்து கீழாகக் கூட்டியிருக்கலாம், யாரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் எழும்பி, மேசையைச் சுற்றி, வெறுமையாக இருந்த கதிரையில் போய் இருந்தார். படுத்திருந்த எண்களின் மேல் விரலை வைத்தார்.

"தசம் எட்டு," என்றார், அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி.

பிறகு எழும்பி வந்து, தன் இடத்தில் இருந்து, சின்னதைப் போட்டார்.